சராசரி எந்தக் காலத்துக்கு? பருத்திக் கையிருப்பு மதிப்பீடும் வரிக்குரிய இலாபமும்

சரக்கிருப்பு மதிப்பீட்டைப் பற்றிய பாடநூல் விளக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலை ஏறும்போது, முதலில் வந்தது முதலில் போகும் என்று கொள்ளும் ஃபிஃபோ முறையில் இலாபம் கூடுதலாகத் தெரியும். எடையிட்ட சராசரி முறையில் குறைவாகத் தெரியும். விலை இறங்கினால் இது தலைகீழாகும். இந்த விளக்கம் தவறில்லை. ஆனால் முழுமையும் இல்லை. வரிக்குரிய இலாபத்தைப் பெரிதும் அசைப்பது ஃபிஃபோவா சராசரியா என்ற தேர்வு அன்று, அந்தச் சராசரி எந்தக் காலத்துக்கு எடுக்கப்படுகிறது என்பதே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இதற்கு ஒரு நூற்பாலையின் பருத்திக் கணக்கைச் சான்றாகக் கொள்கிறேன்.

பருத்தியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2021–22இல் பருத்தி விலை ஏறி, 2022 மே மாதத்தில் ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அடுத்த நிதியாண்டு முடிவதற்குள் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஏற்றமும் இறக்கமும் அடுத்தடுத்த இரண்டு நிதியாண்டுகளில் விழுந்ததால், மதிப்பீட்டு முறைகள் எங்கே பிரிந்து எங்கே கூடுகின்றன என்பதை இங்கே தெளிவாகக் காணலாம். கீழே வரும் ஆலையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. விலைப் போக்கு மட்டும் அந்த இரண்டு ஆண்டுகளை ஒட்டியது.

சட்டம் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 145ஏ பிரிவு, சரக்கிருப்பை அடக்க விலை, நிகரத் தேறு மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடச் சொல்கிறது. கணிக்கும் விதத்தை 2016இல் அறிவிக்கப்பட்டு 2017–18 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள வருமானக் கணிப்புத் தரநிலை 2 வகுக்கிறது. தனித்தனியே அடையாளம் காண முடியாத சரக்குக்கு அது ஃபிஃபோ, எடையிட்ட சராசரி ஆகிய இரண்டை மட்டுமே அனுமதிக்கிறது. எதைத் தேர்ந்தாலும், சரக்கை இன்றைய இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவுக்கு அது மிக நெருங்கியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதே பத்தியில் அதிகம் பேசப்படாத ஒரு தொடர் இருக்கிறது: சராசரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கணக்கிடலாம், அல்லது ஒவ்வொரு வரத்தின்போதும் கணக்கிடலாம், சூழ்நிலையைப் பொறுத்து. இரண்டு முறைகள் என்று நாம் நினைப்பவை உண்மையில் மூன்று.

இனி ஆலைக்கு வருவோம். ஏப்ரல் 1 அன்று குடோனில் 200 கண்டி, கண்டிக்கு 48,000 ரூபாய் அடக்கத்தில் இருக்கிறது. ஜூலையில் 54,000 வீதம் 300 கண்டி, நவம்பரில் 65,000 வீதம் 400 கண்டி, பிப்ரவரியில் 78,000 வீதம் 300 கண்டி வாங்குகிறது. ஆக மொத்தம் 1,200 கண்டி, அதன் அடக்கம் 752 லட்சம் ரூபாய். ஆண்டு முழுவதும் 900 கண்டி மிக்ஸிங்குக்குப் போகிறது: ஜூலைக்கு முன் 100, நவம்பருக்கு முன் 300, பிப்ரவரிக்கு முன் 400, அதன் பிறகு 100. மார்ச் 31 அன்று மீதம் 300 கண்டி.

ஃபிஃபோவில் அந்த 300 கண்டியும் பிப்ரவரிச் சரக்கு. மதிப்பு 234 லட்சம். ஆண்டு முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால் கண்டிக்கு சுமார் 62,667 ரூபாய்; மதிப்பு 188 லட்சம். வரத்துதோறும் சராசரியைப் புதுப்பித்தால் கணக்கு இப்படி நகர்கிறது: ஜூலை வரத்துக்குப் பின் 52,500, நவம்பருக்குப் பின் 62,500, பிப்ரவரிக்குப் பின் 74,125. அந்த விலையில் மீதச் சரக்கு 222.38 லட்சம்.

இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஃபிஃபோவுக்கும் வரத்துச் சராசரிக்கும் உள்ள இடைவெளி 12 லட்சத்துக்கும் குறைவு. வரத்துச் சராசரிக்கும் ஆண்டுச் சராசரிக்கும் உள்ள இடைவெளி 34 லட்சத்துக்கும் அதிகம். சராசரி என்ற ஒரே பெயருக்குள் இருக்கும் பிளவு, இரண்டு வேறு பெயர்களுக்கு இடையே இருப்பதைப் போல மூன்று மடங்கு. காரணம் எளிது. சரக்கு வேகமாகச் சுழலும் ஆலையில், புதிய வரத்து வரும்போது பழைய மீதம் கொஞ்சமே இருக்கும். வரத்துச் சராசரியில் அந்தக் கொஞ்சத்துக்கு மட்டுமே எடை கிடைப்பதால் அது ஃபிஃபோவை ஒட்டியே ஓடுகிறது. ஆண்டுச் சராசரியோ, ஏப்ரலில் இருந்த பருத்தியின் விலையையும் மார்ச் மாதக் கையிருப்பின் மேல் ஏற்றுகிறது. அந்தப் பருத்தி நூலாகி, விற்று, பணமும் வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும்.

பருத்திச் செலவு நீங்கலாக மற்றெல்லாம் கழித்து அந்த ஆண்டு 620 லட்சம் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். வரிக்குரிய இலாபம் ஃபிஃபோவில் 102 லட்சம், வரத்துச் சராசரியில் 90.38 லட்சம், ஆண்டுச் சராசரியில் 56 லட்சம். ஆலையும் பேலும் விற்ற நூலும் ஒன்றே. 115பிஏஏ பிரிவைத் தேர்ந்த நிறுவனத்துக்கு, கூடுதல் வரியும் தீர்வையும் சேர்ந்த விகிதம் 25.168 சதவீதம். அதன்படி வரி முறையே 25.67 லட்சம், 22.75 லட்சம், 14.09 லட்சம்.

அடுத்த ஆண்டுதான் பாடம் முழுமையடைகிறது. மே மாதத்தில் 96,000 வீதம் 200 கண்டி, நவம்பரில் 68,000 வீதம் 400, பிப்ரவரியில் 62,000 வீதம் 300 கண்டி என 650 லட்சத்துக்கு வாங்கி, 900 கண்டியைப் பயன்படுத்தி, மறுபடியும் 300 கண்டியோடு ஆண்டை முடிக்கிறது ஆலை. ஃபிஃபோவில் மீதத்தின் அடக்கம் 186 லட்சம். ஆண்டுச் சராசரியில் 209.5 லட்சம். ஆனால் மார்ச் இறுதியில் சந்தை விலை 60,000. அந்த அடக்கத்தில் பருத்தியைப் போட்டு நூற்கும் நூல் அசல் தேறாது. அப்படிப்பட்ட நிலையில் மூலப்பொருளை மாற்று விலைக்கு இறக்கச் சொல்கிறது தரநிலை. ஆகவே எந்த முறையில் வந்தாலும் மீதச் சரக்கு 180 லட்சம்தான். (நூல் அசலை மீட்கும் என்றால் பருத்தி விலை மட்டும் இறங்கியதைக் காட்டி மதிப்பைக் குறைக்க முடியாது. ஆய்வுகளில் அடிக்கடி வழுக்கும் இடம் இது.)

பருத்திக்கு முன்பான மிச்சம் இந்த ஆண்டு 670 லட்சம் என்றால், ஃபிஃபோவில் 34 லட்சம் நட்டம், வரத்துச் சராசரியில் 22.38 லட்சம் நட்டம், ஆண்டுச் சராசரியில் 12 லட்சம் இலாபம். இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் மூன்றிலும் 68 லட்சம், ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. இறுதிச் சரக்கிருப்பை மதிப்பிடுவதிலிருந்து இலாபம் பிறப்பதில்லை என்று 1953இல் செயின்ரூப் சம்பத்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கருத்து இங்கே எண்களாகவே தெரிகிறது. விற்ற சரக்கின் செலவைப் பிரித்தெடுக்கத்தான் மீதச் சரக்கை மதிப்பிடுகிறோம். அது விலையேற்றத்துக்கு வரி போடும் கருவி அல்ல.

அப்படியானால் இது வெறும் காலத் தள்ளிவைப்புதானே என்று கேட்கலாம். வரிப்பணத்தைப் பாருங்கள். ஆண்டுச் சராசரி ஆலை இரண்டு ஆண்டுகளில் 17.11 லட்சம் கட்டுகிறது; 68 லட்சத்துக்குச் சரியான வரி அதுவே. ஃபிஃபோ ஆலை முதலாண்டில் 25.67 லட்சம் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டின் 34 லட்சம் நட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தியச் சட்டத்தில் வணிக நட்டத்தை எட்டு ஆண்டுகள் முன்னோக்கிக் கொண்டுபோகலாம். முந்தைய ஆண்டின் இலாபத்தில் கழித்து வரியைத் திரும்பப் பெற வழியில்லை. பிரிட்டனில் ஒரு நிறுவனம் நட்டத்தை முந்தைய ஓராண்டு இலாபத்தோடு ஈடுகட்டலாம். இங்கே அந்த 8.56 லட்சம் எட்டு ஆண்டுகளுக்குள் இலாபம் வந்தால் மட்டுமே திரும்பும். இலாபம் வராமலே மூடிய ஆலைக்கு அது நிரந்தர இழப்பு. காலத் தள்ளிவைப்பு என்ற சொல் இந்த இழப்பை மறைக்கிறது.

ஆகவே ஆண்டுச் சராசரியே நல்லது என்று முடிவுகட்டலாமா? என் முடிவு அதுவன்று. தரநிலை கேட்பது வசதியை அல்ல, உண்மைச் செலவுக்கு நெருக்கத்தை. மிக்ஸிங் அறையில் போய் நின்றால் இது புரியும். பல லாட்டுகளின் பேல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பிளக்கர் இயந்திரம் அவற்றின் மேல் ஓடி ஒவ்வொரு பேலிலிருந்தும் மெல்லிய அடுக்கைப் பறித்துக் கலக்கும். நூலின் தரம் சீராக இருக்க வேண்டும் என்பதற்காகப் பழைய லாட்டையும் புதிய லாட்டையும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அதனால் ஃபிஃபோவின் கற்பனை பருத்திக்கு முழுதாகப் பொருந்தாது, சராசரி பொருந்தும். ஆனால் கலப்பது அன்று குடோனில் இருக்கும் பேல்கள் மட்டுமே. ஜூன் மாதம் நூலாகிப் போன பருத்தி மார்ச் மாத அடுக்கில் இல்லை. பிப்ரவரியில் வந்த பேல் முந்தைய ஆகஸ்ட் மாத நூலிலும் இல்லை. இந்த உண்மையை மதிப்பது வரத்துச் சராசரி ஒன்றே. ஓராண்டில் விலை அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறும்போது ஆண்டுச் சராசரி செலவுக்கு நெருங்கியதாக இருக்காது. நம் எடுத்துக்காட்டில் அது வரியைச் சரியான தொகையில் கொண்டு நிறுத்தியது, அடுத்த ஆண்டின் இறக்கத்தை முன்கூட்டியே பகிர்ந்துகொண்டதால்தான். ஏற்றம் தொடர்ந்திருந்தால் அதே முறை இலாபத்தை ஆண்டுக்கு ஆண்டு பின்தள்ளிக்கொண்டே போயிருக்கும். நட்டத்தைப் பின்னோக்கி ஈடுகட்ட வழியில்லாத குறையைச் சட்டத்திருத்தத்தால் தீர்க்க வேண்டும். மதிப்பீட்டு முறையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

ஏட்டைப் பார்த்தே எந்தச் சராசரி என்று கண்டுபிடித்துவிடலாம். பருத்தி வழங்கல் பதிவில் நவம்பர் வரத்துக்கு முன்னும் பின்னும் வழங்கல் விலை மாறியிருந்தால் அது வரத்துச் சராசரி. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே விலை என்றால் ஆண்டுச் சராசரி. முறையை இடையில் மாற்றியிருந்தால் அந்த ஆண்டில் கூடுதல் கவனம் வேண்டும். தொடக்கச் சரக்கிருப்பு முந்தைய ஆண்டு இறுதி மதிப்பிலேயே தொடர வேண்டும் என்பதால் மாற்றத்தின் முழு விளைவும் அந்த ஓராண்டின் இலாபத்தில் விழும். நியாயமான காரணமின்றி முறையை மாற்றக் கூடாது என்கிறது தரநிலை. ஆண்டுச் சராசரியிலிருந்து வரத்துச் சராசரிக்கு மாறுவதும், இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும், முறை மாற்றமே என்பது என் கருத்து.

வரித் தணிக்கைக்கான 3சிடி படிவத்தின் 14ஆம் கூறு இறுதிச் சரக்கிருப்பின் மதிப்பீட்டு முறையைக் கேட்கிறது. அங்கே பெரும்பாலும் எழுதப்படுவது, அடக்க விலை அல்லது நிகரத் தேறு மதிப்பு, இரண்டில் குறைவானது என்ற ஒரே வரி. சராசரி என்று சேர்த்து எழுதினாலும் 34 லட்சம் ரூபாய் வித்தியாசம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். படிவம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கையெழுத்திடும் ஆடிட்டர்கள் இந்த ஆண்டிலிருந்தே அந்தக் கூறில் வரத்துச் சராசரியா, மாதச் சராசரியா, ஆண்டுச் சராசரியா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.