நான்கு ஒளிபுகு தாள்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், படங்களைச் சீர்செய்யும் பணிக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் கலங்கிய முகத்தோடு என் மேசைக்கு வந்தார். வெள்ளப் படம் ஒன்றின் மேல் ஓர் அம்புக்குறியையும் ஊரின் பெயரையும் இட்டு, மூலப்படத்தின் அதே பெயரில் JPG கோப்பாகச் சேமித்துவிட்டார். ஊரின் பெயர் பிழை.

"சேர், எழுதினதை மட்டும் எப்பிடி எடுக்கிறது?"

எடுக்க முடியாது. அந்த எழுத்துக்குக் கீழே வெள்ளநீர் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அங்கிருந்த புள்ளிகளே எழுத்தின் நிறத்துக்கு மாறிவிட்டன. படப்பிடிப்பாளரின் நினைவு அட்டையில் படம் அழியாமல் இருந்ததால் அன்று தப்பினோம்.

ஃபோட்டோஷொப்பில் 'லேயர்' என்று ஒன்று இருப்பதை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. மேல்தலை எறிவைக்குப் பயன்படும் ஒளிபுகு தாள்கள் நான்கை எடுத்து, ஒரே இடத்தில் துளையிட்டு, கோப்புக் கம்பியில் கோத்தேன். அடித்தாளில் படத்தை ஒட்டினேன். இரண்டாவதில் நீலப் பேனாவால் நீரைத் தீட்டினேன். மூன்றாவதில் மஞ்சள் அம்புக்குறி, நான்காவதில் ஊரின் பெயர். பெயர் பிழையென்றால் நான்காவது தாளை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்ல வாயெடுத்தபோது, அவர் அம்புக்குறியைச் சுட்டிக்காட்டினார். நீலத்தின் மேல் கிடந்த மஞ்சள் அம்பு பச்சையாகத் தெரிந்தது.

"கணினியிலும் இப்பிடித்தானா, சேர்?"

இல்லை. என் பேனாவின் மையும் ஒளிபுகுவது என்பதே காரணம். இந்தச் சிக்கலைக் கேலிச்சித்திரப் படக்காரர்கள் முன்னரே கடந்திருந்தார்கள். 1914இல் வின்சர் மெக்கே தமது டைனோசர் படத்தை வரைந்தபோது, அசையாத பின்னணியைக்கூட ஒவ்வொரு தாளிலும் உதவியாளர் ஒருவர் மீண்டும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. அதே ஆண்டில் ஏர்ல் ஹேர்ட் என்ற அமெரிக்கர், ஒளிபுகு தாள்களில் உருவங்களை வரைந்து ஒரே பின்னணியின் மேல் அடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1915இல் அது கிடைத்தது. பின்னாளில் நிலைபெற்ற வழக்கப்படி, கோட்டைத் தாளின் முன்புறம் மையால் இழுத்து, நிறத்தைப் பின்புறம் ஒளிபுகாச் சாயத்தால் பூசினார்கள். உருவம் உள்ள இடம் கீழிருப்பதை மறைக்கும், மற்ற இடம் காட்டும். தாள்கள் நகராதிருக்க முளைகளில் கோத்து, மேலிருந்து ஒளிப்படக் கருவியால் எடுத்தார்கள்.

ஆகவே அம்பை மஞ்சள் கடதாசியில் வெட்டி ஒட்டினேன். இப்போது மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஃபோட்டோஷொப்பில் Normal என்ற நிலை இதுதான். என் பேனா செய்த பச்சைக்கும் அங்கே இடமுண்டு. அதன் பெயர் Multiply. வரைபடத்துக்கு நிறம் ஏற்றும்போதும் கீழுள்ள கோடுகள் தெரிய வேண்டுமென்றால் அதுவே வேண்டும்.

உவமை பொருந்தாத இடமும் உண்டு. உண்மையான தாள் முழுமையாக ஒளிபுகாது. நான்கைந்தை அடுக்கினால் அடியிலுள்ள நிறங்கள் மங்கும். அதனால் ஒரு காட்சியின் நடுவே பாத்திரம் ஒன்று வெளியேறினாலும், வெற்றுத்தாள் ஒன்றை வைத்து அடுக்கின் எண்ணிக்கையைக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். இல்லையேல் பின்னணி திடீரென வெளுக்கும். கணினியின் வெற்றுத்தாளுக்கு அந்தக் குறை கிடையாது. நூறு அடுக்கினாலும் படம் மங்காது, கோப்புத்தான் பருக்கும்.

கணினிக்கு இது தொடக்கத்திலேயே வந்ததுமில்லை. ஃபோட்டோஷொப் 1990இல் வெளியானது, லேயர் வந்ததோ 1994இல், மூன்றாம் பதிப்பில். அதற்கு முன்னர் ஒட்டிய துண்டு, தெரிவு நீங்காதவரை மிதக்கும். நீங்கியதும் படத்தோடு கரைந்துவிடும். எழுத்தை எழுத்தாகவே திருத்தும் வசதி 1998இன் ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. நம் இளைஞர் அறியாமல் நின்ற இடம், 1993இல் அனைவரும் நின்ற இடமே.

"அப்ப JPG எண்டால்?"

கோத்த தாள்களை மேலிருந்து எடுத்த ஒளிப்படம். PSD என்பது கம்பியோடு சேர்ந்த தாள்கள். அச்சுக்கு முன்னையதை அனுப்பலாம், பின்னையதை வைத்திருக்க வேண்டும். Flatten Image என்பதை அழுத்திச் சேமித்து மூடினால் தாள்கள் ஒட்டிப்போகும்.

மறுநாள் அவர் திரும்பவும் அழைத்தார். அழிப்பானை எவ்வளவு தேய்த்தாலும் அம்புக்குறி அழியவில்லையாம். லேயர் பட்டியலில் நிறமேறியிருந்தது நீர் தீட்டிய தாள். அம்பு அசையாதிருக்க, அதன் ஓரத்தில் நீலம் கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. நான் எதுவும் சொல்லுமுன் அவரே மேசையிலிருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, மூன்றாவதைத் தெரிந்தெடுத்தார்.