மேலே சிறிய அலை, கீழே ஏன் இந்தத் தள்ளல்?

முல்லைத்தீவுக் கரையில் கடலட்டை எடுக்கச் சுழியோடும் அண்ணை ஒருவர் சொன்ன ஒரு விசயம் பல நாட்களாக மண்டைக்குள் நின்றது. “கொந்தளிப்பான நாளில இறங்கினாலும் கீழ போகப் போக ஆட்டம் குறைஞ்சிடும், தங்கச்சி. ஆனா சில நாள் மேல பெரிசா ஒண்டும் இருக்காது. கீழ பதினொரு பாகத்தில நிண்டால் ஆளைப் பிடிச்சுத் தள்ளிக்கொண்டு போகும். ரெண்டும் ஒரே கடல்தானே?”

நான் படித்தது ஊடகக் கற்கை, இயற்பியல் அல்ல. ஆனாலும் விடை தேடிப் போனபோது கணக்கு நான் பயந்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை.

முதலில் அலை என்றால் என்ன என்பதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கரையிலிருந்து தள்ளி, ஆழமான இடத்தில் படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு தேங்காய்ப் பொச்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அலை அதைக் கடந்து ஓடிவிடும். பொச்சு அலையோடு போகாது. முகடு வரும்போது மேலே எழுந்து கொஞ்சம் முன்னால் போகும். பள்ளம் வரும்போது கீழிறங்கி அதே அளவு பின்னால் வரும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அது ஒரு வட்டம். பொச்சைச் சுற்றியுள்ள தண்ணீரும் அதே வட்டத்தைத்தான் போடுகிறது. நகர்ந்து போவது அலையின் வடிவம். தண்ணீர் அநேகமாக நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

ஒரு சாதாரண அலையை எடுத்துக்கொள்வோம். பள்ளத்தில் இருந்து முகடு வரை உயரம் 2 மீற்றர். ஒரு முகடு போய் அடுத்த முகடு வர 8 செக்கன். ஆழ்கடலில் இந்த நேரத்தை வைத்தே அலையின் நீளத்தைச் சொல்லிவிடலாம்: நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, பிறகு 1.56 ஆல் பெருக்க வேண்டும். எட்டெட்டு 64, அதை 1.56 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 100 மீற்றர். 100 மீற்றர் நீளமான அலை 8 செக்கனில் ஒரு நீளம் போகிறது, அதாவது மணிக்கு 45 கிலோமீற்றர் வேகம். அதே நேரம் மேற்பரப்பில் உள்ள ஒரு துளி 1 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தைத்தான் சுற்றுகிறது. அதன் வேகம் செக்கனுக்கு 80 சென்ரிமீற்றர் கூட இல்லை, நாங்கள் மெதுவாக நடக்கும் வேகம்.

இனிக் கீழே இறங்குவோம். அலை நீளத்தின் ஒன்பதில் ஒரு பங்கு ஆழம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வட்டம் பாதியாகிறது. எங்கள் அலைக்கு அது 11 மீற்றர், ஏறக்குறைய ஆறு பாகம். 11 மீற்றரில் ஆரை அரை மீற்றர். 22 மீற்றரில் கால் மீற்றர். 50 மீற்றரில், அதாவது அலை நீளத்தின் பாதி ஆழத்தில், வெறும் 4 சென்ரிமீற்றர். அதற்குக் கீழே அந்த அலை இல்லாத மாதிரித்தான்.

ஏன் இப்படிக் குறைகிறது? உராய்வு காரணம் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முகட்டின் கீழே தண்ணீர் அதிகம், ஆகவே அமுக்கமும் அதிகம். பள்ளத்தின் கீழே அது குறைவு. இந்த வித்தியாசம்தான் கீழுள்ள தண்ணீரை அசைக்கிறது. மேற்பரப்புக்கு அருகில் நிற்கும் துளி தன் தலைக்கு நேர்மேலே உள்ள முகட்டையோ பள்ளத்தையோ மட்டும் உணர்கிறது. ஆழத்தில் உள்ள துளிக்கு முன்னும் பின்னும் உள்ள முகடுகளும் பள்ளங்களும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. ஒன்றின் தள்ளலை மற்றது அழித்துவிடுகிறது. முகடும் பள்ளமும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு சீக்கிரம் இந்த அழிப்பு நடக்கும். ஆகவே அலை எவ்வளவு ஆழம் எட்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் உயரம் அல்ல, நீளம்.

அண்ணையின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. அவர் சொன்ன பதினொரு பாகம் என்பது 20 மீற்றர். மேலே சொன்ன 2 மீற்றர் அலை அந்த ஆழத்தில் 28 சென்ரிமீற்றர் ஆரைக்குச் சுருங்கிவிடுகிறது. இப்போது வேறொரு நாள். காற்றே இல்லை, அலை உயரம் 1 மீற்றர்தான். ஆனால் எங்கோ தூரத்துப் புயலில் பிறந்து வந்த நெடிய அலை அது. முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையில் 14 செக்கன். அதன் நீளம் 300 மீற்றரைத் தாண்டும். மேற்பரப்பில் அரை மீற்றர் ஆரை, 20 மீற்றரில் இன்னும் 33 சென்ரிமீற்றர் மிச்சம். பாதி உயரமான அலை கீழே கூடுதலாக ஆட்டுகிறது.

இது அடி தெரியாத ஆழத்துக்கான கணக்கு. அட்டை எடுப்பவர் நிற்பது அடித்தரையில். ஆழம் அலை நீளத்தின் பாதியை விடக் குறைந்தால் அலைக்கு அடி தட்டுப்படத் தொடங்கும். வட்டங்கள் தட்டையாகி நீள்வட்டமாகும். தரைக்குள் தண்ணீர் இறங்க முடியாததால், தரையோடு ஒட்டிய இடத்தில் முன்னும் பின்னுமான இழுபறி மட்டும் மிஞ்சும். 20 மீற்றர் தரையில் அந்த 14 செக்கன் அலை, மேலே அமைதியாகத் தெரிந்தபடியே, ஆளை ஒன்றரை மீற்றர் வரை அங்கும் இங்கும் இழுக்கும். பாக்கு நீரிணைப் பக்கத் தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல. அங்கே கடல் ஆழமற்றது, 4 செக்கன் அலையின் நீளமே 25 மீற்றர், ஆகவே குட்டை அலை கூட அடியைக் கலக்கி விடுகிறது.

வட்டம் சரியாக மூடுவதும் இல்லை. மேலே இருக்கும்போது துளி சற்று வேகமாக முன்னே போகிறது, கீழே இருக்கும்போது சற்று மெதுவாகப் பின்னே வருகிறது. 1847 இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் இதைக் கணக்காகக் காட்டினார். எங்கள் 2 மீற்றர் அலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் 40 சென்ரிமீற்றர் அளவு முன்னேற்றம், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 180 மீற்றர். நீரோட்டமும் காற்றும் இல்லாவிட்டாலும் அறுந்த வலையின் மிதப்பு அலை போகும் திசையில் விலகிப் போவது இதனால்தான். இந்த விலகல் ஆழத்தோடு இன்னும் விரைவாகக் குறையும்: 11 மீற்றரில் கால்வாசிதான்.

இதையெல்லாம் படகுத் துறையில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா இடைமறித்தார். “அப்ப சுனாமி? அது அடிச்சேத்தையும் வாரிக்கொண்டெல்லோ வந்தது?” 2004 மார்கழியில் அந்தக் கரையில் ஆளிழக்காத வீடு குறைவு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்கும் இதே கணக்குத்தான். சுனாமியின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். வங்காள விரிகுடாவின் மூன்று நான்கு கிலோமீற்றர் ஆழம் அதற்கு ஒரு குட்டை மாதிரி. அழிந்துபோகிற அளவுக்கு முகடும் பள்ளமும் நெருக்கமாக இல்லை, ஆகவே மேற்பரப்பில் இருந்து அடி வரை முழுத் தண்ணீரும் ஒன்றாக அசைகிறது. நடுக்கடலில் செய்மதி அளந்த உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர்தான். அன்று தூரக்கடலில் நின்ற படகில் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

சுழியோடும் அண்ணைக்கு மிதப்பு ஒன்றைப் பார்த்து எண்ணச் சொன்னேன். நங்கூரமிட்ட படகில் இருந்து, மிதப்பு உச்சிக்கு வரும் பதினொரு தடவைக்கு நேரம் பார்த்து, அதைப் பத்தால் பிரிக்க வேண்டும். ஒற்றை அலையை எண்ணினால் பிழைக்கும், ஏனெனில் சிற்றலைகள் நெடிய அலையின் மேல் ஏறி ஏமாற்றும். அண்ணை கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தார். 131 செக்கன். பிரித்துவிட்டு, “பதின்மூண்டு” என்றார். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அன்று அவர் இறங்கவில்லை.