கெடா மாநிலத் தமிழ்க் கணக்கேடுகளும் எண்குறி வாசிப்பும்

முன்னுரை

கெடா மாநிலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தோட்ட அலுவலகங்களின் கணக்குகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. ஆனால் தோட்டங்களைச் சூழ்ந்து நடந்த கொடுக்கல் வாங்கல் முழுவதும் அவ்வேடுகளில் இடம்பெறவில்லை. அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் ஆகிய நகரங்களில் தொழில் நடத்திய நகரத்தார் தம் பேரேடுகளைத் தமிழிலேயே எழுதினர். பினாங்கில் வேரூன்றியிருந்த அவர்களின் வட்டித்தொழில், 1909ஆம் ஆண்டில் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிசாரின் மேலாண்மைக்கு மாறிய பின் மேலும் விரிந்தது. இவ்வேடுகளில் உள்ள எண்குறிகளை இன்றைய இலக்கங்களாக மாற்றும் முறையையும், மாற்றியது சரியா என்று அறியும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

முழு எண்கள்

௧ முதல் ௯ வரையுள்ள குறிகளைக் கற்பது கடினமன்று. அவற்றுக்குப் பின்னுள்ள எண் அமைப்பிலேயே பலர் தடுமாறுகின்றனர். பழைய முறையில் சுழியம் இல்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் உண்டு. இக்குறிக்கு முன் நிற்கும் எண் அதனோடு பெருக்கப்படும். பின் நிற்கும் எண் கூட்டப்படும். ஆகவே ௪௰ என்பது 40, ௰௪ என்பது 14 ஆகும். ௨௱௪௰ என்பது 240. ௨௱௪ என்பது 204. பின்னதில் பத்தின் குறி இல்லாமையே அவ்விடம் வெறுமை என்பதைக் காட்டுகின்றது.

பிற்காலத்தில் சுழியம் வழக்கிற்கு வந்ததும் 240 என்பதை ௨௪௦ என இடமதிப்பு முறையில் எழுதும் பழக்கமும் ஏற்பட்டது. எனவே ஓர் ஏட்டை வாசிக்கத் தொடங்கும் முன், அதை எழுதிய கணக்கர் எம்முறையைக் கையாண்டார் என்பதை முடிவு செய்தல் வேண்டும். சில பக்கங்களைப் புரட்டி ௰, ௱ ஆகிய குறிகள் வருகின்றனவா, சுழியம் வருகின்றதா என்று பார்த்தால் இது விளங்கும். கைமாறிய ஏட்டில் இரு முறைகளும் கலந்து வரக்கூடும். அங்கே ஒவ்வொரு கையெழுத்தையும் தனியே ஆராய வேண்டும்.

இரு பின்னத் தொடர்கள்

வாசிப்பில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் பின்னங்களே. இவை இரு தொடர்களாக அமைந்துள்ளன. ஒன்று இருபதின் வழி வருவது: மா என்பது 1/20, இருமா 1/10, மும்மா 3/20, நான்மா 1/5. மற்றொன்று பாதி பாதியாகக் குறைவது: அரை, கால், அரைக்கால், வீசம் எனும் மாகாணி. மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது. காணி 1/80 ஆதலால் 1/20உம் 1/80உம் கூடி 1/16 ஆகின்றது. இரு தொடர்களும் சந்திக்கும் இடம் இதுவே.

கெடாவில் இவ்வேறுபாடு பெரிதும் பொருள்படும். நீரிணைக் குடியேற்ற வெள்ளிக்கு நூறு காசு. ஆகவே ஒரு மா 5 காசுக்குச் சரியாக நிற்கும். இந்திய ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஒரு வீசம் ஓர் அணாவுக்குச் சரியாக நிற்கும். வெள்ளிக் கணக்கில் வீசம் 6¼ காசாகும். எடைகளிலும் இதே நிலையைக் காணலாம். பிக்குல் நூறு கட்டியாதலால் அதன் மா 5 கட்டி. கட்டி பதினாறு தாயிலாதலால் அதன் வீசம் ஒரு தாயில். எனவே பின்னக்குறியை மட்டும் பார்த்து மதிப்பெழுதுதல் தகாது. அது எந்த அலகின் பின்னம் என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மாவை வீசமாக வாசித்துவிட்டால் ஒரு பதிவில் 1¼ காசே வேறுபடும். அது கண்ணுக்குத் தெரியாது. எட்டுப் பதிவுகளில் அதுவே 10 காசாகிப் பக்கக் கூட்டலில் வெளிப்படும்.

ஒரு பதிவை ஆராய்தல்

முறையை விளக்குவதற்காக ஒரு மாதிரிப் பதிவை அமைத்துக்கொள்வோம்: 'சௌமிய ௵ தை ௴ ௰௨ ௳ பற்று வெள்ளி ௨௱௪௰க்கு ரூபாய் ௪௱௨௰'. கூலிமிலிருந்து செட்டிநாட்டுக்கு அனுப்பிய பணம் இது எனக் கொள்க. ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். இவ்விடத்துச் சௌமிய ஆண்டு 1909 சித்திரையில் தொடங்கியது. ஆயினும் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் வருவதால் இந்நாள் 1910 சனவரியின் பிற்பகுதியாகும். ஆண்டுப் பெயரை மட்டும் கொண்டு 1909 என எழுதுவோர் ஓராண்டு பிழைபடுவர்.

தொகைகள் 240 வெள்ளி, 420 ரூபாய். இவை சரியாக வாசிக்கப்பட்டனவா என்பதை நாணய மாற்று விகிதமே சொல்லும். 1906 முதல் வெள்ளி 28 பென்சு மதிப்பில் நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் ரூபாய் 16 பென்சு. ஆகவே ஒரு வெள்ளிக்கு 1¾ ரூபாய்; 240ஐ 1¾ஆல் பெருக்கினால் 420. ௪ஐ ௫ என வாசித்து 250 என்று எழுதியிருந்தால் 437½ ரூபாய் வந்திருக்கும். பிழை உடனே தெரிந்திருக்கும். உண்டியல் விலை சிறிது ஏறி இறங்குமாதலால் எல்லாப் பதிவுகளிலும் இவ்வளவு துல்லியத்தை எதிர்பார்த்தல் ஆகாது. ஆயினும் பெரும் விலகல் வாசிப்புப் பிழையின் அறிகுறியாகும். 1927இல் ரூபாய் 18 பென்சாக உயர்த்தப்பட்ட பின் அதே 240 வெள்ளிக்கு 373 ரூபாய் 5 அணா 4 பையே கிடைக்கும். ஆண்டுப் பெயர் சிதைந்த ஏட்டின் காலத்தை மதிப்பிடவும் இவ்வேறுபாடு துணைபுரியும்.

வட்டியையும் இவ்வாறே சோதிக்கலாம். நூற்றுக்கு மாதம் முக்கால் என்றால் 420 ரூபாய்க்கு 3.15 ரூபாய் வரும். அதாவது மூன்றும் மும்மாவும். இதனை மூன்றும் மூவீசமும் என வாசித்திருந்தால் 3 ரூபாய் 3 அணா ஆகி, கணக்கோடு பொருந்தாது.

முறையின் எல்லை

இலக்கமாக்குவது மதிப்பை மீட்பதாகாது. சப்பானியர் ஆட்சிக் காலத்துச் சித்திரபானு முதல் பார்த்திப வரையான ஏடுகளிலும் வெள்ளி என்றே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அக்காலத்து நோட்டுகள் விரைந்து மதிப்பிழந்தன. போருக்குப் பின் 1948இல் மலாயாவில் வந்த கடனாளர் – கடனீந்தோர் சட்டம், அந்நோட்டுகளில் செலுத்திய தொகைகளைக் காலத்துக்கேற்பக் குறைத்து மதிப்பிட ஓர் அட்டவணையை வகுத்தது. 1941இன் 500 வெள்ளியையும் 1945இன் 500 வெள்ளியையும் ஒரே நிரலில் கூட்டினால், அடமானத்தில் நிலமிழந்தவர் எவ்வளவு கடன்பட்டிருந்தார் என்பதே திரிந்துவிடும்.

முடிவுரை

ஆகவே படியெடுப்போர் மூன்று நிரல்களை வைத்துக்கொள்ளுதல் நலம். முதல் நிரலில் ஏட்டிலுள்ள குறிகளை அவ்வாறே எழுத வேண்டும், இரண்டாவதில் இலக்கம், மூன்றாவதில் அலகு. ௰, ௱, ௲ ஆகியவை தொடக்கக் காலம் முதலே ஒருங்குறியில் உள்ளன. பின்னக்குறிகள் 2019இல் சேர்க்கப்பட்டன. எனவே மூலக்குறிகளைக் கணினியில் பேணுவதற்குத் தடையில்லை. வரவையும் பற்றையும் பக்கந்தோறும் கூட்டி, ஏட்டின் ஐந்தொகையோடு ஒப்பிட்ட பின்னரே அவ்விலக்கங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தகும். கூட்டல் பொருந்தாத பக்கத்தில் குறியை நம் விருப்பப்படி திருத்தாமல், ஐயத்துக்குரியது எனக் குறித்து வைத்தலே முறையாகும். கணக்கரும் தவறியிருக்கலாம், அத்தவறும் ஏட்டின் ஒரு பகுதியே.