ஜாப்ஸின் கால்குலேட்டர் முதல் நம் முகப்புத்திரை வரை

1982. மெக்கின்டாஷ் கணினி இன்னும் ஆப்பிள் அலுவலகத்தை விட்டு வெளியே வராத காலம். பதினான்கு வயதிலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்ட கிறிஸ் எஸ்பினோசா, புதிய கணினிக்காக ஒரு குட்டி கால்குலேட்டரை வரைந்து ஸ்டீவ் ஜாப்ஸிடம் காட்டினார். பின்னணி ரொம்ப இருட்டு, கோடுகளின் தடிமன் சரியில்லை, பொத்தான்கள் பெரிசு என்றார் ஜாப்ஸ். திருத்திக்கொண்டு போனால் மறுநாள் வேறு குறை. பொறுத்துப் பார்த்த எஸ்பினோசா கடைசியில் கால்குலேட்டரைத் திருத்துவதையே நிறுத்திவிட்டார். கோட்டுத் தடிமன், பொத்தான் அளவு, பின்னணிக் கோலம் எல்லாவற்றையும் மெனுவில் வைத்து, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று ஒரு நிரலை எழுதி ஜாப்ஸ் கையில் கொடுத்தார். ஜாப்ஸ் பத்து நிமிடம் போல உட்கார்ந்து நோண்டினார்; பிடித்த வடிவம் கிடைத்தது. அந்தக் கால்குலேட்டர்தான் பல ஆண்டுகள் மெக்கில் இருந்தது.

இன்று ஆண்ட்ராய்டு போனில் லாஞ்சர் போட்டு, ஐகான் பேக் மாற்றி, அதற்குப் பொருத்தமாக விட்ஜெட் தேடி, ராத்திரி இரண்டு மணி வரை ஓரத்தின் வளைவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பவர்கள் செய்வதும் இதைத்தான். என்ன, ஜாப்ஸுக்குப் பத்து நிமிடத்தில் திருப்தி வந்துவிட்டது.

இந்த மூன்று சாமான்களில் மூத்தது ஐகான். அந்தப் பெயரைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித். 1975இல் ஸ்டான்ஃபோர்டில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில். அவரே பிறகு ஜெராக்ஸில் சேர்ந்து, 1981இல் வந்த ஸ்டார் என்ற அலுவலகக் கணினியின் வடிவமைப்பில் வேலை பார்த்தார். கோப்புக்கு ஒரு படம், உறைக்கு ஒரு படம், அச்சு இயந்திரத்துக்கு ஒரு படம் என்று மேசையையே திரையில் ஏற்றிய கணினி அது. விலை எட்டாத உயரத்தில் இருந்ததால் ஜெராக்ஸுக்கு அதில் பெரிய லாபமில்லை. அதற்கு முன்பே, 1979இல், தன் பங்குகளை வாங்க ஜெராக்ஸை அனுமதித்து, பதிலுக்கு அதன் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தது ஆப்பிள். அந்த வழியில் வளர்ந்த மெக்கின்டாஷுக்கு சூசன் கேர் ஐகான் வரைந்தார். கட்டம் போட்ட தாளில் அகலத்தில் 32, உயரத்தில் 32 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. எல்லா ஐகானும் ஒரே கை வரைந்தது என்று பார்த்தவுடன் தெரியும். இன்று காசு கொடுத்து ஐகான் பேக் வாங்குகிறவர்கள் கேட்பதும் அந்த ஒரே கையைத்தான்.

விட்ஜெட்டின் கதை கொஞ்சம் சண்டை கலந்தது. 1984இல் வந்த மெக்கிலேயே கடிகாரம், கால்குலேட்டர், நகர்த்தி விளையாடும் புதிர் எல்லாம் வேலைக்குக் குறுக்கே வராத சிறு நிரல்களாக இருந்தன. பிறகு அவை மெல்ல மறைந்தன. மெக்கின் தோற்றத்தையே மாற்றித்தரும் கலைடாஸ்கோப் என்ற நிரலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்லோ ரோஸ், 2003இல் கன்ஃபாபுலேட்டரைக் கொண்டுவந்தார். வானிலை, பேட்டரி, நாள்காட்டி என்று திரையில் மிதக்கும் அழகான பொம்மைகள். விட்ஜெட் என்றே பெயர். அடுத்த ஆண்டு ஆப்பிள் தன் மாநாட்டில், மைக்ரோசாஃப்ட் நகலெடுக்கத் தயாராகட்டும் என்று கிண்டலாகப் பதாகை கட்டிவிட்டு, டாஷ்போர்டு என்ற பெயரில் ஏறத்தாழ அதே விட்ஜெட்டுகளை அறிவித்தது. கன்ஃபாபுலேட்டர்காரர்கள் பெயரை மட்டும் மாற்றி அதே கிண்டலை ஆப்பிளுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனால் 1984 மெக்கைப் பார்த்தவர்கள், இது முதலில் யார் வீட்டுச் சரக்கு என்று கேட்டதிலும் நியாயம் இருந்தது. 2005இல் யாஹூ கன்ஃபாபுலேட்டரை வாங்கிப் பெயரை மாற்றியது.

இதற்கிடையே விண்டோஸ் பக்கம் ஒரு பெரிய கூட்டம் வின்ஆம்ப் பாட்டுப்பெட்டிக்குத் தோல் மாற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் செய்த தோல்களைப் பகிர்ந்துகொள்ளவே 2000இல் டீவியன்ட்ஆர்ட் பிறந்தது என்பது, அதை ஓவியர்களின் தளமாக மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஐகானைத் தொகுப்பாக வரைந்து வெளியிடும் பழக்கம் அந்தக் கூட்டத்தில்தான் ஊறியது.

போனுக்கு வருவோம். 2008இல் தைவானின் எச்டிசி நிறுவனம் டச் டைமண்ட் என்ற விண்டோஸ் மொபைல் போனின் முகப்பில் ஒரு பெரிய கடிகாரத்தை வைத்தது. நிமிடம் மாறும்போது எண் அட்டை பாதியாக மடிந்து கீழே விழும். அது ஐரோப்பிய ரயில் நிலையங்களின் பலகை. இத்தாலியில் உடினே நகரத்து சோலாரி நிறுவனம் 1950களில் பிரபலமாக்கிய மடிப்பு அட்டைக் கடிகாரம், அரை நூற்றாண்டு கழித்து உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. அடுத்த ஆண்டு எச்டிசி ஹீரோ அதை ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்தது. பிறகு கேட்க வேண்டுமா? எச்டிசி போன் இல்லாதவர்களுக்காக அதே கடிகாரத்தின் போலிகள் ஆண்ட்ராய்டு சந்தையில் வரிசையாக வந்து குவிந்தன. முதன்முதலில் தரவிறக்கிய விட்ஜெட் எது என்று பழைய ஆண்ட்ராய்டு ஆட்களைக் கேளுங்கள். பலரும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆண்ட்ராய்டில் இவ்வளவும் நடந்ததற்குக் காரணம், கூகுள் திறந்தே விட்ட ஒரு கதவு. அங்கே முகப்புத்திரையும் ஓர் ஆப்தான். `android.intent.category.HOME` என்ற ஒரு வரியைத் தன் அறிக்கையில் எழுதிக்கொள்ளும் எந்த ஆப்பும், ஹோம் பொத்தானை அழுத்தினால் நான் வருகிறேன் என்று வரிசையில் நிற்கலாம். 2009 ஏப்ரலில் வந்த கப்கேக், அதாவது ஆண்ட்ராய்டு 1.5, வெளியாரும் விட்ஜெட் செய்ய வழிவிட்டது. இரண்டும் சேர்ந்ததும் லாஞ்சர்கள் முளைக்கத் தொடங்கின. அவற்றில் முக்கியமானது ஆண்டர்வெப் என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளரின் ஏடிடபிள்யூ. சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு 2010 வாக்கில் அதையே தன் முகப்பாக வைத்துக்கொண்டதால் அது எங்கும் பரவியது. கூடவே அதன் ஐகான் பேக் வடிவமும் பரவியது. பிறகு வந்த லாஞ்சர்களுக்கு வேறு வழியில்லை: ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பேக்குகள் தங்களிடமும் வேலை செய்தால்தான் ஆள் வரும். 2011 கடைசியில் வந்த நோவா உட்பட எல்லோரும் அதையே படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்காமல், காப்பியடித்தே ஒரு பொது வடிவம் உருவாகிவிட்டது.

அந்த வடிவம் மிக எளிது. ஐகான் பேக் என்பது படங்களும், `appfilter.xml` என்ற ஒரு பட்டியலும். பட்டியலின் ஒரு வரி இப்படி இருக்கும்:

```xml
<item component="ComponentInfo{com.android.settings/com.android.settings.Settings}"
      drawable="settings" />
```

இந்த ஆப்பின் இந்தத் திரையைத் திறக்கும் ஐகானுக்குப் பதிலாக இந்தப் படத்தைப் போடு, அவ்வளவுதான். இந்த எளிமையில்தான் சிக்கலும் இருக்கிறது. சாய்வுக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது திரையின் உள்பெயர். ஆப்பைச் செய்தவர் அடுத்த பதிப்பில் அதை மாற்றிவிட்டால் வரி பொருந்தாது. எல்லா ஐகானும் வெள்ளைக் கோட்டில் அமைதியாக நிற்க, ஒன்று மட்டும் காலையில் பழைய வண்ணத்துக்குத் திரும்பியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பேக்கை நீக்கி மறுபடி போட்டுப் பயனில்லை. நோவாவில் அந்த ஐகானை நீண்ட நேரம் அழுத்தி, திருத்தும் இடத்துக்குப் போய், பேக்கிலிருந்து படத்தைக் கையால் தேர்ந்துகொள்ளலாம்.

பட்டியலிலேயே இல்லாத ஆப்புகளின் பாடு வேறு. ஆயிரக்கணக்கில் ஐகான் உள்ள பேக்கிலும் நம் தமிழ் நாள்காட்டி, உள்ளூர் வங்கி, கேபிள் டிவிக்காரரின் ஆப் எல்லாம் விடுபட்டுப்போகும். அவற்றுக்காகப் பட்டியலில் `iconback`, `iconmask` என்று இன்னும் சில வரிகள் உண்டு. அவற்றைப் பார்த்து லாஞ்சர் பழைய ஐகானைச் சுருக்கி, ஓரம் வெட்டி, பேக்கின் பின்னணி மேல் ஒட்டிவிடும். கல்யாண வீட்டில் வாடகை கோட் போட்டுக்கொண்ட உறவினர் மாதிரி, அளவு சரியாக இருந்தாலும் ஆள் வேறு என்று தெரிந்துவிடும். பல பேக்குகளிலேயே ஐகான் கேட்டு விண்ணப்பிக்கும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வரைபவருக்குப் போவது மேலே பார்த்த அந்த உள்பெயர்தான்.

ஐகானுக்குப் பொருத்தமாக விட்ஜெட் வேண்டும் என்றால் இன்று பலரும் போவது KWGT என்ற ஆப்புக்கு. ஐந்துக்கு ஐந்து கட்டமாகத் திரையைப் பிரித்து, மேலே நான்கு கட்ட அகலம், இரண்டு கட்ட உயரத்துக்கு வெற்று விட்ஜெட் ஒன்றை வைக்கிறோம். அதைத் தொட்டு உள்ளே போய் இரண்டு எழுத்துத் துண்டுகளைச் சேர்த்து, ஒன்றில் நேரத்தையும் அதன் கீழ் கிழமையையும் எழுதுகிறோம்:

```
$df(hh:mm)$
$df(EEEE)$
```

நிறத்தை வால்பேப்பரிலிருந்து எடுக்காமல், ஐகான் பேக்கின் கோட்டு நிறத்தையே கொடுத்தால்தான் இரண்டும் ஒட்டும். தொடங்குபவர்கள் பலர் தவறுவது இங்கேதான். முகப்புக்குத் திரும்பிப் பார்த்தால் கடிகாரம் சின்னதாகத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்காமல், லேயர் பகுதியில் மொத்த அளவையும் கூட்ட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு வேடிக்கை நடக்கலாம்: மணி பத்தரை, விட்ஜெட் ஒன்பதே முக்காலில் நிற்கிறது. ஆண்ட்ராய்டில் விட்ஜெட் தானே ஓடுவதில்லை; அதன் ஆப் அனுப்பும் குறிப்பைப் பார்த்து லாஞ்சர் வரைகிறது. அமைப்பு தானாக எழுப்பிப் புதுப்பிக்கும் வசதிக்குக் குறைந்தபட்ச இடைவெளி முப்பது நிமிடம். அதனால் KWGT பின்னணியில் விழித்திருந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய படம் அனுப்புகிறது. பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று போன் அதைத் தூங்கவைத்துவிட்டால் கடிகாரம் நின்றுபோகும். பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்த ஆப்புக்கு விலக்கு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

2020 செப்டம்பரில் ஐபோன் முகப்பிலும் விட்ஜெட் வந்தது. டேவிட் ஸ்மித் என்பவர் செய்த விட்ஜெட்ஸ்மித், டிக்டாக் காணொளிகளால் சில நாள்களிலேயே தரவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஐகான் பேக் வசதி அங்கே இல்லாததால் ஷார்ட்கட்ஸ் ஆப் மூலம் ஒவ்வொரு ஐகானாகக் கையால் மாற்றினார்கள். அப்போது தொட்டால் முதலில் ஷார்ட்கட்ஸ் திறந்து, பிறகே ஆப் திறந்தது. அதையும் சகித்துக்கொண்டார்கள்! ஐகான் பேக்காரர்கள் பத்தாண்டாக விற்றுவந்த ஒற்றை நிற ஐகானை 2021இல் கூகுளே ஆண்ட்ராய்டு 12இல் தன் ஆப்புகளுக்குப் போட்டுப் பார்த்தது; அடுத்த ஆண்டு 13ஆம் பதிப்பில் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. வால்பேப்பரிலிருந்து நிறம் எடுக்கும், ஆனால் அப்போது ஆப்பைச் செய்தவரே ஒற்றை நிறப் படத்தைச் சேர்த்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் ஐஓஎஸ் 18 தன் ஐகான்களுக்குச் சாயம் பூசியது.

லாஞ்சர்களின் நிலைமை அவ்வளவு சுகமில்லை. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், அண்மையில் திறந்த ஆப்புகளைக் காட்டும் திரை போனோடு வரும் லாஞ்சரிடமே ஒப்படைக்கப்பட்டது; வெளி லாஞ்சர் போட்டவர்கள் விரலைத் தேய்க்கும்போது அசைவு தடுக்கி விழுவது போலத் தெரிவதற்கு அதுதான் காரணம். நோவாவை 2022இல் பிராஞ்ச் என்ற நிறுவனம் வாங்கியது. அதை உருவாக்கிய கெவின் பேரி 2025இல் வெளியேறினார். ஏடிடபிள்யூவை இன்று தேடுவார் குறைவு. ஆனாலும் இந்த வாரம் வெளியாகும் புதிய ஐகான் பேக் ஒன்றின் அறிக்கைக் கோப்பைத் திறந்தால், லாஞ்சர்கள் தன்னை அடையாளம் காண்பதற்காக அது எழுதிவைத்திருக்கும் வரிகளில் `org.adw.launcher.THEMES` இருக்க வாய்ப்பு அதிகம்.