விம்மலும் சென்ட்டும்: எல்லிஸின் ஸ்லெந்த்ரோ அளவீடு (1882–1885)

அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் (1814–1890) இங்கிலாந்தின் ஒலியியல் அறிஞர். ஆங்கில உச்சரிப்பின் வரலாற்றை ஆராய்ந்தவர். ஹெல்ம்ஹோல்ட்ஸின் செவிப்புலன் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பல்வேறு நாட்டவரின் இசை அளவுகளைப் பற்றி அவர் 1885இல் வெளியிட்ட கட்டுரை, ஒப்பீட்டு இசையியலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சென்ட் என்னும் அலகை அக்கட்டுரையே பரவலாக அறியச் செய்தது. இவ்வளவு சுரங்களை அளந்தவர் தம் செவியை நம்பியவர் அல்லர் என்பது இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது. சுரங்களைக் கேட்டறியும் பணியில் அவருக்குத் துணைநின்றவர் பிராட்வுட் பியானோ நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஜேம்ஸ் ஹிப்கின்ஸ்.

ஏறக்குறைய ஒத்த அதிர்வெண்களையுடைய இரு ஒலிகள் ஒருங்கே எழும்போது, ஒலியின் வலிமை கூடியும் குறைந்தும் கேட்கும். இதுவே விம்மல். நொடிக்கு எத்தனை விம்மல்கள் எழுகின்றனவோ, அதுவே அவ்விரு அதிர்வெண்களின் வேறுபாடு. இதை எண்ணுவதற்குச் சுரஞானம் தேவையில்லை. கடிகாரமும் பொறுமையும் போதும். நொடிக்கு ஒன்று என்ற மெதுவான விம்மலை இருபது நொடி எண்ணி, அதில் ஒன்று தவறினாலும் பிழை நொடிக்கு 0.05 அதிர்வு மட்டுமே.

இவ்வுண்மையை அளவுகோலாக மாற்றியவர் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துப் பட்டு உற்பத்தியாளர் யோஹான் ஹைன்ரிக் ஷைப்லர். 1834இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். அவருடைய தொகுதிகளுள் ஒன்று 56 இசைக்கவைகளைக் கொண்டது. ஒவ்வொரு கவையும் தனக்கு முந்தைய கவையுடன் நொடிக்கு 4 விம்மல் தரும். கடைசிக் கவை முதற்கவையின் மேல் ஸ்தாயிச் சுரம். 56 கவைகளுக்கிடையே 55 இடைவெளிகள். மொத்த வேறுபாடு 220 அதிர்வுகள். மேல் ஸ்தாயி என்பதால் கடைசிக் கவையின் அதிர்வெண் முதற்கவையைப் போல் இருமடங்கு. ஆகவே அவ்வேறுபாடே முதற்கவையின் அதிர்வெண். அது 220, கடைசியது 440. வெளியிலிருந்து எந்த அளவையும் கடன் வாங்காமல் தொகுதி தன்னைத்தானே அளந்துகொள்கிறது. இதில் இடர் ஒன்று உண்டு. ஒவ்வோர் இடைவெளியிலும் 0.05 பிழை ஒரே பக்கம் சாய்ந்தால், 55 இடைவெளிகளில் அது 2.75 அதிர்வாகத் திரண்டுவிடும். உருக்குக் கவை வெப்பத்தால் சிறிது தாழும் என்பதால், கையில் பிடித்து அராவிய சூட்டுடனே எண்ணுவதும் தவறான கணக்கையே தரும்.

அறியாத சுரம் ஒன்றை இத்தொகுதி கொண்டு அளக்கும் முறை எளியது. சுரம் 357 என்று கொள்வோம். அது 356 கவையுடன் நொடிக்கு 1 விம்மலும் 360 கவையுடன் 3 விம்மலும் தரும். இரண்டின் கூட்டுத்தொகை 4 ஆதலால், சுரம் இவ்விரு கவைகளுக்கும் இடையே உள்ளது. சுரம் 355 ஆயின் முதற்கவையுடன் அதே 1 விம்மல்தான் கேட்கும்; மற்றதுடன் 5 கேட்கும். விம்மல் வேறுபாட்டின் அளவைச் சொல்லுமேயன்றி, எது உயர்ந்தது என்பதைச் சொல்லாது. ஒரே கவைதான் கைவசம் உள்ளதெனில், அதன் கிளையில் சிறிது மெழுகு ஒட்டிப் பார்க்கலாம். மெழுகு கவையைத் தாழ்த்தும்; அப்போது விம்மல் மெதுவானால் கவையே உயர்ந்திருந்தது என்பது தெளிவு.

விம்மல் தருவது அதிர்வுகளின் வேறுபாடு. செவி உணரும் இடைவெளியோ அதிர்வெண்களின் விகிதம். 220க்கும் 224க்கும் இடையே 4 விம்மல். 436க்கும் 440க்கும் இடையேயும் 4 விம்மல். ஆயினும் முன்னது ஏறத்தாழ 31 சென்ட், பின்னது 16 சென்ட். இவ்விரண்டையும் ஒப்பிட, விகிதத்தின் மடக்கையைக் கொண்டு ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பகுத்தார் எல்லிஸ். சமப்படுத்திய பியானோவின் அரைச்சுரம் ஒவ்வொன்றும் 100 சென்ட்.

1882இல் லண்டனில் ஜாவானிய கமெலான் குழு ஒன்று இசைத்தது. அதன் கம்பாங் என்னும் மரக்கட்டைக் கருவியில் எல்லிஸும் ஹிப்கின்ஸும் கண்ட ஸ்லெந்த்ரோ சுரங்கள் 270, 308, 357, 411, 470, 540. இவற்றின் இடைவெளிகள் முறையே 228, 256, 244, 232, 240 சென்ட். ஐந்து சமப்பகுதிகளாகிய 240 சென்ட் அளவே இதன் நோக்கம் என எல்லிஸ் கருதினார். இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

அவ்வெண்களையே கொண்டு இம்முடிவைச் சோதிக்கலாம். அதிர்வெண்கள் முழு எண்களாகத் தரப்பட்டுள்ளன. முழு எண்ணாக்கிய நிலையே அரை அதிர்வு வரை விலகலுக்கு இடந்தரும். ஆதலால் 228 என்பது உண்மையில் 222 முதல் 234 வரை எதுவாகவும் இருக்கலாம். 256 என்பதோ 250 முதல் 261 வரை. எனவே 228, 256 ஆகியவற்றின் கடைசி இலக்கத்திற்குப் பொருள் மிகக் குறைவு. மேலும், மரக்கட்டையின் ஒலி விரைவில் அடங்குவது. நொடிக்கு ஒரு விம்மலை அதில் எண்ண இயலாது, 3 விம்மலையும் முழுதாக எண்ணுவது அரிது. கவையில் சாத்தியமான துல்லியம் கம்பாங்கில் இல்லை என்பதால், ஒவ்வொரு சுரத்திலும் ஓர் அதிர்வு பிழை என்றே கொள்வோம். முதல் இடைவெளி அப்போது 240ஐத் தொட்டுவிடும்: 269, 309 என எதிரெதிர்த் திசையில் பிழை அமைந்தால் சரியாக 240. ஆனால் இரண்டாம் இடைவெளி 309க்கும் 356க்கும் இடையே சுருங்கினாலும் 245 சென்ட்டிற்குக் கீழே இறங்காது. எல்லிஸ் அளந்த கருவி சமப்பகுப்பு உடையதன்று என்பதை அவருடைய எண்களே காட்டுகின்றன. ஐந்தின் சராசரி 240 என்பதும் சான்றாகாது. 1200ஐ ஐந்து இடைவெளிகள் எவ்வாறு பங்கிட்டாலும் சராசரி 240தான். பின்னாளில் யாப் குன்ஸ்ட் ஜாவா கமெலான்களை விரிவாக அளந்தபோது, ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு சுருதி அமைப்புக் கொண்டிருப்பது தெரியவந்தது. சமப்பகுப்பு கருவியில் கண்டது என்பதைவிட, பியானோவின் சமப்பகுப்பைக் கொண்டு அலகை வகுத்தவரின் எதிர்பார்ப்பு என்பதே பொருந்தும்.

பாலித் தீவில் விம்மல் அளவீட்டுக் கருவி மட்டுமன்று, வேண்டிப் பெறும் ஒலியும் ஆகும். அங்கு உலோகக் கட்டைக் கருவிகளை இணையாகச் செய்து, ஒன்றை மற்றதினும் சற்றே தாழ்த்திச் சுருதி சேர்ப்பர். இரண்டும் சேர்ந்து தட்டப்படும்போது எழும் விம்மலுக்கு, அலை என்று பொருள்படும் ஓம்பாக் என்பது பெயர். சுருதி சேர்ப்போர் பொதுவாக அலையின் வேகம் மேல் கீழ் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவே முயல்வர். நொடிக்கு 7 விம்மல் என்று கொண்டால், 270 அதிர்வுடைய கட்டையின் இணை 44 சென்ட் விலகியிருக்கும். 540 உடையதன் இணை 22 சென்ட்டே விலகியிருக்கும். சென்ட் பட்டியலை மட்டும் காண்பவருக்கு மேல் ஸ்தாயி சீராகவும் கீழ் ஸ்தாயி பிசகியும் அமைந்ததாகத் தோன்றும். ஆகவே இக்கருவிகளைப் பற்றிய பட்டியலில் இணைக் கட்டைகள் இரண்டின் அதிர்வெண்களும் தனித்தனியே இடம்பெற வேண்டும்; அவற்றின் சராசரியைச் சென்ட்டாக மாற்றித் தருமிடத்து, சுருதி சேர்த்தவர் கேட்டு அமைத்த அலையின் வேகத்தை அவ்வெண்ணிலிருந்து மீட்டெடுக்க இயலாது.