வெள்ளவத்தை நோட்டீசும் கொட்டாஞ்சேனை மலரும்

என் மேசையில் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. ஒன்று வெள்ளவத்தையில், காலி வீதி நடைபாதையில் கையில் திணிக்கப்பட்ட ரியூஷன் நோட்டீஸ். அரை ஏ4 அளவு, பளபளப்பான தாள், கணினியில் கோத்த எழுத்து. மற்றது கொட்டாஞ்சேனை வீடொன்றின் அலுமாரியில் இருந்து வந்த கோயில் திருவிழா மலர். அறுபதுகளில் ஈய எழுத்தில் அச்சானது, விளிம்பு பழுத்தது. இரண்டையும் ஒரே கைபேசியால் படம் எடுத்து, இணையத்தை அணைத்துவிட்டு, ஒரே எழுத்துணரிக்குக் கொடுத்தேன். முதல் தடவை இரண்டுமே குப்பையாகத்தான் வந்தன. ஆனால் அவை வேறு வேறு காரணத்தால் வந்த குப்பைகள். அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத செயலி, இரண்டு தடவையும் 'மீண்டும் படம் எடுக்கவும்' என்றுதான் சொல்லும். ஒரு தாளுக்கு அது சரியான அறிவுரை, மற்றத் தாளுக்கு வீண் வேலை.

எழுத்துணரி எது என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். ஆண்ட்ரொயிட் செயலி எழுதுபவர்கள் முதலில் நாடுவது கூகிளின் எம்எல் கிட். கைபேசிக்குள்ளேயே இயங்கும் அதன் எழுத்துணரி லத்தீன், சீனம், தேவநாகரி, ஜப்பானியம், கொரியம் ஆகிய எழுத்துகளை வாசிக்கும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால் அது பிழை என்று சொல்வதுமில்லை. ஒன்றும் தராது, அல்லது ஆங்கில எழுத்துகளை அள்ளித் தெளிக்கும். ஆகவே இணையமில்லாமல் தமிழ் வாசிக்க வேண்டுமானால் நடைமுறையில் எஞ்சுவது டெசரக்ட். 1985 அளவில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறமூலமாகி, 2018இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்புவலை முறைக்கு மாறிய மென்பொருள் அது. அதன் தமிழ் மாதிரி `tam.traineddata` என்ற ஒரே கோப்பு. கைபேசியில் `tessdata` என்ற கோப்புறைக்குள் அதை வைத்துவிட்டால் போதும்:

```java
api.init(dataPath, "tam");
api.setPageSegMode(TessBaseAPI.PageSegMode.PSM_SINGLE_BLOCK);
api.setImage(bitmap);
String text = api.getUTF8Text();
int[] conf = api.wordConfidences();
```

கடைசி வரி ஒவ்வொரு சொல்லுக்கும் 0 முதல் 100 வரை ஒரு நம்பிக்கை எண் தரும். அதை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் இரண்டு தாள்களும் பிரிகின்றன.

நோட்டீசில் 'வெள்ளவத்தை' என்ற சொல் 'வெளளவததை' என்று வந்தது. இரண்டு புள்ளிகளைக் காணோம், அவ்வளவுதான். கணினிக் கணக்கில் அந்தச் சொல் பத்துக் குறிகளால் ஆனது, அதில் இரண்டுதான் போயிருக்கின்றன. எழுத்துக் கணக்கில் ஆறில் இரண்டு பிழை. தேடுபவருக்கோ முழுச் சொல்லும் பிழை; 'வெள்ளவத்தை' என்று தட்டினால் இந்தத் தாள் அகப்படாது. தமிழில் எழுத்துணரியின் தரத்தைக் குறிக்கணக்கில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

புள்ளி ஏன் போனது? 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000க்கு 3000 படப்புள்ளிகள் கொண்டது. அரை ஏ4 தாளின் நீளப்பக்கம் 210 மில்லிமீற்றர். தாள் சட்டத்தை நிறைத்து நின்றால் அங்குலத்துக்கு 480 படப்புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். டெசரக்டுக்கு 300 இருந்தால் நிறைவு. ஆனால் நடைபாதையில் நின்றபடி எடுத்த என் படத்தில் தாளின் நீளம் சட்டத்தின் நீளத்தில் மூன்றிலொரு பங்குதான். அங்குலத்துக்கு 160 ஆகிவிட்டது. பொடி எழுத்தின் மெய்ப்புள்ளி 0.4 மில்லிமீற்றர் என்று வைத்தால், நெருங்கி எடுத்த படத்தில் அது ஏழெட்டுப் படப்புள்ளி அகலம், தூரத்துப் படத்தில் இரண்டோ மூன்றோ. கை சற்று நடுங்கினாலே அது கரைந்துவிடும். அதற்கு மேல், படத்தைச் 'சுத்தம்' செய்ய நான் ஒரு மீடியன் வடிகட்டியையும் போட்டிருந்தேன். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் இயங்கும் அந்த வடிகட்டி, இரண்டு படப்புள்ளி அகலமான தனிப் பொட்டு எதையும் தூசி என்று எண்ணித் துடைத்துவிடும். ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதப்பட்ட செய்முறையைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் முதலில் சாவது புள்ளிதான். வடிகட்டியை எடுத்துவிட்டு, தாளைச் சன்னலோரம் வைத்து, பளபளப்பின் ஒளித்தெறிப்பு படாமல் சற்றுச் சாய்த்து, சட்டம் நிறைய எடுத்தேன். புள்ளிகள் திரும்பி வந்தன.

நோட்டீசில் இன்னொரு சிக்கல் கொழும்புக்கே உரியது. மேலே சிங்களம், நடுவே தமிழ், கீழே ஆங்கிலம். தமிழ் மாதிரியை மட்டும் ஏற்றினால் அது சிங்கள வரியையும் தமிழ் என்றே வாசித்து, பொருளில்லாத தமிழெழுத்துகளை வரிசையாகத் தரும். மூன்று மாதிரிகளையும் `tam+sin+eng` என்று சேர்த்து ஏற்றலாம். வேலை மெதுவாகும், மயக்கமும் கூடும். பயனர் விரலால் தமிழ்ப் பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டு, அதை மட்டும் கொடுப்பதே எனக்குப் பலன் தந்தது. இந்த நோட்டீஸ் அநேகமாகப் பாமினி எழுத்துருவில் கோத்ததாக இருக்கும். அந்தக் கோப்பிலிருந்து பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துக் குழப்பம்தான் வரும். படத்திலிருந்து வாசிக்கும்போது அந்தத் தொல்லை இல்லை. எழுத்துணரி வடிவத்தைப் பார்த்து நேரே யூனிக்கோடாகத் தந்துவிடுகிறது.

இனி மலருக்கு வருவோம். அதை முதல் தடவையே சட்டம் நிறைய, நல்ல வெளிச்சத்தில் எடுத்தேன். ஆனாலும் 'கொட்டாஞ்சேனை' ஒரு வரியில் 'கொட்டாஞ்சேன' என்றும் இன்னொரு வரியில் 'கொட்டாஞ்சேளை' என்றும் வந்தது. முதல் ஐந்து எழுத்தும் சரி, கடைசி எழுத்து மட்டும் ஒவ்வொரு வரியிலும் வழுக்கியது. மலரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அங்கே அச்சாகியிருந்தது துதிக்கை போன்ற கொக்கி 'ன' மீது ஒட்டிய பழைய 'னை'.

பழைய அச்சில் இப்படி ஒட்டி நின்ற எழுத்துகள் பதின்மூன்று: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. தமிழ்நாட்டு அரசு 1978இல் இவற்றைச் சீர்திருத்தியது. இங்கே அச்சகங்களின் ஈய எழுத்துப் பெட்டிகள் இருந்தவரை பழைய வடிவமும் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தது. யூனிக்கோடில் பழைய 'னை'க்கும் புதிய 'னை'க்கும் குறி ஒன்றேதான். வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. டெசரக்டின் மாதிரி பெரும்பாலும் கணினி எழுத்துருக்களால் வரையப்பட்ட வரிகளைப் பார்த்துப் பயின்றது. பழைய கொக்கியை அது அரிதாகவே கண்டிருக்கும். அறியாத வடிவத்துக்கு அருகில் தெரிந்த எழுத்தைப் பொருத்துகிறது.

ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வெள்ளவத்தை'யில் அந்தப் பதின்மூன்றில் ஒன்றும் இல்லை. 'தை' பழைய அச்சிலும் புதிய அச்சிலும் ஒன்றுபோலத்தான். ஆகவே மலரின் விளம்பரப் பக்கத்தில் வந்த 'வெள்ளவத்தை' சரியாகவே வாசிக்கப்பட்டது. அதே பக்கத்தில், அதே மையில், அதே வெளிச்சத்தில் 'கொட்டாஞ்சேனை' பிழையாக வந்தது. படத்தின் குறை என்றால் இரண்டும் சேர்ந்து கெட்டிருக்க வேண்டும்.

நம்பிக்கை எண் இங்கேதான் கைவிட்டது. நோட்டீசின் மங்கிய சொற்களுக்கு எண் தாழ்ந்தே வந்தது. அதைப் பார்த்து 'படம் சரியில்லை' என்று சொல்லிவிடலாம். மலரில் 'கொட்டாஞ்சேளை'க்கு எண் உயர்ந்தே நின்றது. தெளிவான படத்தில் தெளிவாகத் தவறுகிறது, ஆகவே அதற்குச் சந்தேகமே வரவில்லை. எண்ணை மட்டும் நம்பும் செயலி இந்தப் பிழையைப் பச்சை விளக்குக் காட்டி அனுப்பிவிடும்.

இரண்டையும் பிரித்தறிய நான் கைக்கொள்ளும் முறை இது. ஒரே பக்கத்தை இரண்டு தடவை, கையைச் சற்று நகர்த்தி எடுக்கிறேன். இரண்டு வாசிப்பையும் வரிவரியாக ஒப்பிடுகிறேன். பிழைகள் இடம் மாறினால் குறை படத்தில்: மூன்றாம் முறை எடுக்கச் சொல்வது நியாயம். அதே எழுத்தில் அதே பிழை நின்றால் குறை படத்தில் இல்லை: மாதிரிக்கு அந்த வடிவம் தெரியாது, அல்லது ஈய எழுத்து தேய்ந்து தாளிலேயே புள்ளி விழவில்லை. எதுவாயினும் இன்னொரு படம் உதவாது. ஒரே ஒரு விலக்கு, நடுத்தையல் ஓரம். வளைவால் அங்கே வரியின் நுனிகள் இரண்டு படத்திலும் ஒரேமாதிரிக் கெடும். மலரைக் கண்ணாடித் தகட்டால் அழுத்தி எடுத்துப் பார்த்தபின்தான் மாதிரியைக் குறை சொல்லவேண்டும்.

எழுத்து விதிகளையும் காவலுக்கு வைக்கலாம். சொல்லின் நடுவே தனி உயிரெழுத்து, இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து, இடைவெளிக்குப் பின் தனித்து நிற்கும் 'ா' ஆகியவை வந்தால் அந்தச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு. ஆனால் கோடு போடுவதோடு நிறுத்தவேண்டும், தானாகத் திருத்தக்கூடாது. மெய் முதலில் வராது என்று விதி எழுதிய அன்றே வெள்ளவத்தைக் கடைப்பலகைகளின் 'ஸ்டோர்ஸ்' எனக்குப் பாடம் சொல்லித்தந்தது. மேலும் 'கொட்டாஞ்சேளை' எந்த விதியையும் மீறவில்லை. விதிகளும் நோட்டீசுக்குத்தான் அதிகம் உதவுகின்றன.

மலருக்கு உதவுவது பயிற்சி. பக்கத்தை வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு வரிப்படத்துக்கும் பக்கத்தில் சரியான உரையைக் கையால் தட்டிக் கோப்பாக வைக்கவேண்டும். உரையில் வழக்கமான 'னை'யே போதும், குறி ஒன்றுதானே. பிறகு கணினியில் `tesstrain` கொண்டு தமிழ் மாதிரியை மேலும் பயிற்றலாம். கைபேசிக்கு ஏற்ற சிறிய `tessdata_fast` மாதிரியிலிருந்து பயிற்சியைத் தொடங்க முடியாது. `tessdata_best` இல் உள்ளதையே எடுக்கவேண்டும். பயிற்றியதைச் சுருக்கிக் கைபேசிக்குள் வைத்தால் அது மீண்டும் இணையமில்லாமல் இயங்கும். அதுவரை செயலி செய்யக்கூடிய நேர்மையான காரியம், வரிப்படத்தை மேலேயும் வாசித்த உரையை அதன் கீழேயும் காட்டி, 'இந்த எழுத்து வடிவம் பழையது, பார்த்துத் திருத்துங்கள்' என்று சொல்வது. படத்தை உரையோடு சேர்த்தே சேமிக்கவும் வேண்டும். நாளை நல்ல மாதிரி வந்தால் அதே படத்தை மீண்டும் வாசிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் பக்கங்கள் படமாகவே இருப்பதன் பயனும் இதுதான்.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட மலரோ கல்வெட்டோ இருந்தால், ஒரு சட்டத்துக்கு ஒரு பக்கமாக, தட்டையாக அழுத்தி, பகல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். யாருக்காவது வட்சப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும், மெய்ப்புள்ளிகள் அங்கேயே போய்விடும்.