அடர்த்தி மாறும் வளைந்த கம்பியின் நிறை: வில்நீளத் தொகையீடு ஓர் ஆய்வு

மெல்லிய கம்பியின் நிறையைப் பேசும்போது கன அளவு கணக்கில் நேரடியாக வருவதில்லை. கம்பியின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை கிராம் உள்ளது என்பதே அடிப்படை அளவு. அதுவே நீள் நிறை அடர்த்தி, λ. கம்பி ஒரே தடிமனும் ஒரே உலோகமுமாக இருந்தால் λ மாறிலி. நிறை என்பது λ-வை நீளத்தால் பெருக்கிய தொகை. தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் λ-வும் மாறும். அப்போது பெருக்கல் போதாது, தொகையிட வேண்டும்.

கம்பியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நீளம் Δs-ஐயும் அத்துண்டில் ஏதேனும் ஓரிடத்து λ-வால் பெருக்கிக் கூட்டினால் தோராயமான நிறை கிடைக்கும். துண்டுகள் சிறுத்துக்கொண்டே போக, இக்கூட்டல் நெருங்கும் எல்லையே

M = ∫ λ ds

என்னும் வில்நீளத் தொகையீடு. இதில் ds என்பது கம்பியின் மீதே அளக்கப்பட்ட நீளம். λ-வின் அலகு கிராம்/செ.மீ.; அந்தச் செ.மீ. கம்பியோடு ஒட்டிச் செல்லும் செ.மீ., கிடை அச்சின் மீது விழும் நிழலின் செ.மீ. அன்று. பாடநூல்கள் பலவும் ds = √(x′² + y′²) dt என்பதை மனப்பாடத்துக்குரிய வாய்பாடாகவே தருகின்றன. அந்த வர்க்கமூலம் ஏன் அங்கே நிற்கிறது என்பது அலகிலிருந்தே விளங்குகிறது: துணையலகு t ஓர் அலகு நகரும்போது கம்பியில் எத்தனை செ.மீ. கடக்கப்படுகிறது என்பதை அது சொல்கிறது. அதை விட்டுவிட்டால் கிடைக்கும் எண் நிறையே ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்க்கலாம். 10 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டமாக வளைக்கப்பட்ட எஃகுக் கம்பி, இரு முனைகளும் x-அச்சின் மீது ஊன்றி நிற்கிறது. முனைகளில் தடித்தும் உச்சியில் மெலிந்தும் உள்ள அதன் நீள் நிறை அடர்த்தி λ = 2 − y/10 கிராம்/செ.மீ. எனக் கொள்வோம். முனையில் y = 0 ஆதலால் λ = 2; உச்சியில் y = 10 ஆதலால் λ = 1. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.-க்கு 7.85 கிராம் என்று எடுத்தால், கம்பியின் விட்டம் முனையில் ஏறத்தாழ 5.7 மி.மீ., உச்சியில் 4 மி.மீ. பட்டறையில் கடைந்தெடுக்கக்கூடிய கம்பிதான்.

x = 10 cos t, y = 10 sin t, 0 ≤ t ≤ π என்று எழுதினால் ds = 10 dt. எனவே

M = ∫₀^π (2 − sin t) · 10 dt = 20π − 20 ≈ 42.83 கிராம்.

இந்த விடையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கம்பியின் நீளம் 10π, அதாவது 31.42 செ.மீ. λ எங்கும் 1-க்குக் குறையாது, 2-க்கு மிகாது. ஆகவே நிறை 31.42 கிராமுக்கும் 62.83 கிராமுக்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். இப்போது ds-க்குப் பதில் dx இட்டுப் பார்த்தால், ∫ (2 − √(100 − x²)/10) dx என்பதை −10 முதல் 10 வரை தொகையிட்டு 24.29 கிராம் வருகிறது. கம்பி முழுவதும் அதன் மிக மெலிந்த இடத்தின் அளவே இருந்தாலும்கூட இதைவிடக் கனமாக இருக்கும். எனவே பிழை உடனே வெளிப்படுகிறது. மேலும் கீழுமான இந்த இரு வரம்புகளையும் கணக்கைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இந்தச் சோதனைக்கு அகப்படாத பிழையும் உண்டு. முனையில் 2, உச்சியில் 1, சராசரி 1.5 என்று எடுத்து நீளத்தால் பெருக்கினால் 47.12 கிராம் வரும். வரம்புகளுக்குள் இருந்தும் இது தவறு. λ உயரத்தைப் பொறுத்து நேர்கோட்டில் மாறுகிறது. கம்பி உயரத்தைச் சீராகக் கடப்பதில்லை. முனைகளுக்கு அருகே அது செங்குத்தாக எழுந்து தாழ்ந்த உயரங்களைச் சில செ.மீ.-களில் கடந்துவிடுகிறது, உச்சிக்கு அருகே ஏறத்தாழக் கிடையாக நீள்கிறது. எனவே அதன் நீளத்தில் பெரும்பங்கு மெலிந்த பகுதியில்தான் உள்ளது. வில்நீளத்தின் மீது எடுத்த உண்மையான சராசரி 42.83/31.42, அதாவது 1.36 கிராம்/செ.மீ.

துணையலகை மாற்றினால் நிறை மாறுமா? மாறக் கூடாது, கம்பியை எப்படி விவரித்தாலும் தராசு ஒரே எடையைத்தான் காட்டும். x-ஐயே துணையலகாக எடுத்தால் ds = 10 dx/√(100 − x²) = (10/y) dx. அப்போது

M = ∫ (2 − y/10)(10/y) dx = 20 ∫ dx/√(100 − x²) − ∫ dx.

முதல் உறுப்பு 20π. முனைகளில் அதன் தொகைச்சார்பு முடிவிலியாகப் பெருகினாலும் தொகையீடு ஒருங்குகிறது. இரண்டாவது உறுப்பு வெறும் விட்டம், 20. பழைய விடையே மீண்டும் வருகிறது. பொதுவான நிறுவலும் இதுவே: புதிய துணையலகுக்கு மாறும்போது சங்கிலி விதி தரும் காரணி, √(x′² + y′²)-இல் வரும் காரணியோடு ஒத்துப்போகிறது. வர்க்கமூலம் எப்போதும் மிகையாக இருப்பதால், கம்பியை எந்த முனையிலிருந்து தொடங்கிக் கடந்தாலும் நிறை ஒன்றே. விசை செய்யும் வேலையைத் தரும் கோட்டுத் தொகையீடு திசை மாறினால் குறி மாறும். நிறைக்கு அது பொருந்தாது. நிறை குறையெண்ணாக வந்தால் எல்லைகள் தலைகீழாக இடப்பட்டிருக்கின்றன என்று அறியலாம். துணையலகு கம்பியின் ஒரு பகுதியை இருமுறை கடந்தால் அப்பகுதியின் நிறை இருமுறை சேர்ந்துவிடும்; இதைக் குறி காட்டிக்கொடுக்காது, நீளத்தைத் தனியே கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது உறுப்பில் நின்று பார்க்க ஒன்று உண்டு. வட்டத்தின் மீது y ds = R dx. உயரத்தால் எடையிடப்பட்ட வில்நீளம் நிழலின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. கோளத்தை இணையான இரு தளங்களால் வெட்டினால் இடைப்பட்ட வளைபரப்பு அத்தளங்களின் இடைத்தூரத்தை மட்டுமே சார்ந்திருக்கும் என்ற முடிவும் இதே சமன்பாட்டிலிருந்து வருகிறது. ஆர்க்கிமிடீஸ் கோளத்தின் பரப்பைப் பற்றி நிறுவியதோடு அது தொடர்புடையது. சீரான அரைவட்டக் கம்பியின் நிறை மையம் 2R/π உயரத்தில் இருப்பதும் இதனால்தான்.

எஞ்சியது, ‘மெல்லிய’ என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்பது. நமது கம்பியின் உண்மையான வடிவம் வளைந்த உருளை. அதன் வெளிப்புறம் நடுக்கோட்டைவிட நீளம், உட்புறம் நடுக்கோட்டைவிடக் குட்டை. நடுக்கோட்டை மட்டும் அளந்தது பிழையா? நடுக்கோட்டிலிருந்து u தொலைவு வெளியே உள்ள இழையின் நீளம் (1 + u/R) ds. குறுக்குவெட்டு நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருந்து, அதன் மையம் நடுக்கோட்டின் மீதே அமைந்தால், u-வின் பங்கு குறுக்குவெட்டு முழுவதும் கூட்டும்போது சுழியாகிறது. ஆகவே ஒரே பொருளாலான கம்பிக்கு ∫ λ ds தோராயமன்று, முழுச் சரியான மதிப்பு. குறுக்குவெட்டின் ஆரம் R-ஐ எட்டாதிருந்தால் போதும். பாப்பஸின் தேற்றம் வளையத்தின் கன அளவுக்குச் சொல்வதும் இதுவே.

இம்முடிவு குறுக்குவெட்டு எங்கும் பொருள் ஒன்றாக இருக்கும்வரைதான். உட்புறம் அலுமினியமும் வெளிப்புறம் எஃகுமாக ஒட்டப்பட்ட கம்பியில் கனமான எஃகு வெளியே இருப்பதால், வடிவ மையத்தின் வழியே எடுத்த தொகையீடு நிறையைக் குறைத்தே காட்டும். அத்தகைய கம்பிக்குத் தொகையீட்டின் வளைகோட்டைக் குறுக்குவெட்டின் நிறை மையத்தின் வழியே வரைய வேண்டும்.